சந்தேகங்களும் விளக்கங்களும்: ரூ.1.20 லட்சம் பில்லுக்கு ரூ.65,600 மட்டும் வந்தது ஏன்?

போடிநாயக்கனூரிலும் போடிமெட்டு, குரங்கணி மலைச் சரிவுகளிலும் வசிக்கும் ஏலக்காய் விவசாயிகள், வியாபாரிகள், தோட்டப் பணியாளர்கள் பலர் அறுவை சிகிச்சைக்காகத் தேனி, மதுரை தனியார் மருத்துவமனைகளுக்குச் செல்கின்றனர். மருத்துவக் காப்பீடு இருந்தும், வீடு திரும்பும் நாளில் கையிலிருந்து பெருந்தொகை கட்ட வேண்டியிருப்பது பலரையும் திகைக்க வைக்கிறது. காரணம், காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் செட்டில்மென்ட் கடிதத்தில்தான் இருக்கிறது. ஆனால் வெவ்வேறு தன்மை கொண்ட கழிவுகள் அதில் ஒரே வரியில் சேர்ந்து கிடப்பதால் எளிதில் புரிவதில்லை.

விளக்கத்துக்காக இங்கு ஒரு மாதிரி பில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. நோயாளி போடியைச் சேர்ந்த 64 வயதுக்காரர். காப்பீட்டுத் தொகை ரூ.3 லட்சம், அறை வாடகை வரம்பு நாளொன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது ரூ.3,000, கோ-பே 20 சதவீதம். பித்தப்பை அறுவை சிகிச்சைக்காக மதுரையில் நாள் வாடகை ரூ.5,000 உள்ள அறையில் 4 நாட்கள் தங்கினார். பில் விவரம்: அறை வாடகை ரூ.20,000, அறுவை சிகிச்சை நிபுணர், மயக்க மருத்துவர், ஆபரேஷன் தியேட்டர், மருத்துவர் வருகைக் கட்டணங்கள் சேர்ந்து ரூ.60,000, மருந்துகள் ரூ.22,000, பரிசோதனைகள் ரூ.12,000, இதரப் பொருட்கள் ரூ.6,000. மொத்தம் ரூ.1,20,000.

செட்டில்மென்ட் கடிதம் என்பது என்ன? அதை அனுப்புவது யார்?

பில்லில் எவ்வளவு ஏற்கப்பட்டது, எவ்வளவு எதற்காகக் கழிக்கப்பட்டது என்பதைத் தெரிவிக்கும் கடிதம் இது. பணமில்லா சிகிச்சையில் 'இறுதி ஒப்புதல் கடிதம்' என்ற பெயரில் மருத்துவமனைக்கு வரும். முழுப் பணத்தையும் கட்டிவிட்டுப் பிறகு கோரினால் பாலிசிதாரருக்கு வரும். கடிதத்தின் தலைப்பில் டிபிஏ எனப்படும் இடைநிலை நிர்வாக அமைப்பின் பெயர் இருக்கலாம். அப்படி இருந்தாலும் முடிவுக்குப் பொறுப்பு காப்பீட்டு நிறுவனமே.

மருத்துவமனையில் சேர்ந்த அன்றே 'ரூ.40,000 ஒப்புதல்' என்று குறுஞ்செய்தி வந்தது. அவ்வளவுதான் கிடைக்குமா?

இல்லை. அது மருத்துவமனை கொடுத்த உத்தேச மதிப்பின் மேல் தரப்படும் முதற்கட்ட அனுமதி; பிறகு கூடவும் குறையவும் வாய்ப்புண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே 29 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, பணமில்லா சிகிச்சைக்கான கோரிக்கையில் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும். நிறுவனத்தின் தாமதத்தால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் வசூலித்தால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும்.

கடிதத்தில் எந்த வரிகளைப் பார்க்க வேண்டும்?

பணமில்லா சிகிச்சைக்கான ஒப்புதல் கடிதத்தில் பெரும்பாலும் ஏழு வரிகள் இருக்கும்: மொத்த பில், இதர கழிவுகள், தள்ளுபடி, கோ-பே, டிடக்டிபிள், மொத்த ஒப்புதல் தொகை, நோயாளி செலுத்த வேண்டிய தொகை. மாதிரி பில்லுக்கு மொத்த பில் ரூ.1,20,000, இதர கழிவுகள் ரூ.38,000, கோ-பே ரூ.16,400, ஒப்புதல் தொகை ரூ.65,600, நோயாளி செலுத்த வேண்டியது ரூ.54,400 என இருக்கும். தள்ளுபடியும் டிடக்டிபிளும் இந்த மாதிரியில் இல்லை.

'இதர கழிவுகள் ரூ.38,000' என்று ஒரே வரியில் போட்டால் என்ன புரியும்?

குழப்பம் தொடங்கும் இடம் இந்த வரிதான். இதில் மூன்று தனித்தனிக் கழிவுகள் உள்ளன: அறை வாடகையில் வரம்பை மீறிய ரூ.8,000, அதன் தொடர்ச்சியாக மருத்துவர், தியேட்டர் கட்டணங்களில் குறைக்கப்பட்ட ரூ.24,000, காப்பீட்டில் வராத பொருட்களுக்கான ரூ.6,000. முதலாவது ஒப்பந்தப்படி வருவது. இரண்டாவது சில நிபந்தனைகளுக்கு உட்பட்டது. மூன்றாவதில் ஒரு பகுதிக்குப் பதில் சொல்ல வேண்டியது மருத்துவமனை. பிரித்துப் பார்க்காமல் எதை யாரிடம் கேட்பது என்று முடிவு செய்ய இயலாது.

பிரித்துக் காட்டும் பட்டியல் தரப்படவில்லை என்றால்?

கோரிக்கையின் ஒரு பகுதி மறுக்கப்பட்டாலும் அதன் விவரத்தை, பாலிசியின் எந்த நிபந்தனைப்படி என்ற குறிப்புடன் தெரிவிக்க வேண்டும் என்பது 2024 சுற்றறிக்கையின் விதி. எனவே பில்லின் ஒவ்வொரு இனத்துக்கும் கோரிய தொகை, ஏற்ற தொகை, கழித்த தொகை, காரணம் ஆகியவை கொண்ட பட்டியலை நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பெறலாம். 'பாலிசி விதிப்படி' என்ற பொதுவான வாசகம் போதுமான காரணம் ஆகாது.

அறை வாடகை வரம்பு

தனது பாலிசியில் வரம்பு எவ்வளவு என்பதை எங்கே பார்ப்பது?

பாலிசியுடன் தரப்படும் வாடிக்கையாளர் தகவல் தாளில் இருக்கும். இதன் திருத்திய வடிவம் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது; கேட்டால் உள்ளூர் மொழியிலும் தர வேண்டும். வரம்பு 'காப்பீட்டுத் தொகையில் இத்தனை சதவீதம்' என்றோ, 'தனி அறை' என்று அறை வகையாகவோ குறிக்கப்பட்டிருக்கும். வரம்பே இல்லாத பாலிசிகளும் உள்ளன; அவற்றுக்கு இந்தப் பகுதி பொருந்தாது.

வரம்பில் நர்சிங் கட்டணமும் அடங்குமா?

பாலிசி வாசகத்தைப் பொறுத்தது. எல்லா நிறுவனங்களும் ஒரே நிபந்தனைகளுடன் விற்கும் 'ஆரோக்கிய சஞ்சீவனி' பாலிசி 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் அறை, உணவு, நர்சிங் மூன்றும் சேர்ந்தே நாளொன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் ரூ.5,000 என வரம்பு உள்ளது. இத்தகைய பாலிசியில் வாடகை ரூ.4,500, நர்சிங் ரூ.900 என்று பில்லில் தனித்தனியே இருந்தாலும் ரூ.5,400 என்றே கணக்கிடப்படும்.

வரம்பு ரூ.3,000, அறை ரூ.5,000. நான்கு நாளைக்கு ரூ.8,000 தானே கூடுதல்? ரூ.32,000 கழிவது எப்படி?

பல மருத்துவமனைகளில் வாடகை அதிகமான அறையை எடுத்தால் மருத்துவர் கட்டணம், தியேட்டர் கட்டணம் ஆகியவையும் அந்த அறையின் தரத்துக்கேற்ப உயரும். தகுதியான அறையில் தங்கியிருந்தால் இந்தக் கட்டணங்களும் குறைந்திருக்கும் என்று கொண்டு, அவற்றையும் காப்பீட்டு நிறுவனம் அதே விகிதத்தில் குறைக்கிறது. இதுவே விகிதாச்சாரக் கழிவு. நோயாளியைச் சேர்க்கும் அவசரத்தில் அறையைத் தேர்வு செய்யும் உறவினருக்கு 'நாளுக்கு இரண்டாயிரம் கூடுதல்' என்பது மட்டுமே கண்ணில் படுகிறது.

அந்த விகிதத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

தகுதியான வாடகையை உண்மையில் வாங்கப்பட்ட வாடகையால் வகுக்க வேண்டும். மாதிரியில் 3,000-ஐ 5,000-ஆல் வகுத்தால் 60 சதவீதம். அறை வாடகை ரூ.20,000-ல் ரூ.12,000-மும், மருத்துவர் மற்றும் தியேட்டர் கட்டணம் ரூ.60,000-ல் ரூ.36,000-மும் ஏற்கப்படும். மீதமுள்ள ரூ.8,000-மும் ரூ.24,000-மும் நோயாளியின் பொறுப்பு.

மருந்துச் செலவிலும் 40 சதவீதம் கழிக்கலாமா?

கூடாது. மருந்துகள், சிகிச்சையில் பயன்படுத்தித் தீரும் பொருட்கள், உடலில் பொருத்தப்படும் உபகரணங்கள், மருத்துவக் கருவிகள், பரிசோதனைக் கட்டணங்கள் ஆகியவற்றை விகிதாச்சாரக் கழிவுக்குள் கொண்டுவரக் கூடாது என்று ஐஆர்டிஏஐ 2020 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஒரு மாத்திரையின் விலை பொது வார்டிலும் தனி அறையிலும் ஒன்றுதான் என்பதே இதன் அடிப்படை. தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணத்துக்கும் இந்தக் கழிவைப் பயன்படுத்த அனுமதி இல்லை.

கழித்திருக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பட்டியலில் மருந்து, பரிசோதனை வரிகளில் ஏற்ற தொகையைக் கோரிய தொகையால் வகுத்துப் பார்த்தால் போதும். அறை வாடகை வரியில் வரும் அதே 60 சதவீதம் அங்கும் வந்தால், விகிதாச்சாரக் கழிவு வைத்திருக்கிறார்கள் என்று பொருள். மாதிரி பில்லில் இவ்விரண்டும் சேர்ந்து ரூ.34,000, அதில் 40 சதவீதம் கழித்தால் ரூ.13,600 குறையும். கோ-பே கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், நோயாளிக்கு உண்மையில் ஏற்படும் இழப்பு ரூ.10,880.

அந்த மருத்துவமனையில் எல்லா அறைக்கும் ஒரே ஆபரேஷன் கட்டணம்தான். அப்போதும் கழிக்கலாமா?

அறைக்கேற்பக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனைகளில் விகிதாச்சாரக் கழிவு கூடாது என்பதும் அதே வழிகாட்டுதலில் உள்ளது. அத்தகைய இடத்தில் மாதிரி பில்லில் கழிய வேண்டியது வாடகைக் கூடுதலான ரூ.8,000 மட்டுமே, மருத்துவர், தியேட்டர் கட்டணம் ரூ.60,000 முழுவதும் கணக்கில் சேரும். அப்போது காப்பீட்டில் கிடைப்பது ரூ.65,600 அல்ல, ரூ.84,800. சிறு நகரங்களின் மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய விதி இது.

அதற்கு என்ன ஆதாரம் காட்ட வேண்டும்?

'அறை வகையைப் பொறுத்து மருத்துவர், தியேட்டர் கட்டணம் மாறுவதில்லை' என்று மருத்துவமனை தனது கடிதத் தாளில் எழுதித் தருவது நேரடியான ஆதாரம். அறை வாரியான கட்டணப் பட்டியலின் நகலும் உதவும். டிஸ்சார்ஜ் நாளிலேயே இதைக் கேட்டு வாங்கினால், பிறகு போடியிலிருந்து மீண்டும் மதுரைக்குச் செல்ல வேண்டியதில்லை.

தகுதியான அறை காலியில்லை என்று மருத்துவமனையே பெரிய அறையைக் கொடுத்தால்?

காப்பீட்டு நிறுவனம் பொதுவாக இதற்காக வரம்பைத் தளர்த்துவதில்லை. எனவே தகுதியான அறையின் கட்டணத்திலேயே பில் போடும்படி மருத்துவமனையிடம் சேரும்போதே கேட்டு, ஒப்புக்கொண்டால் எழுத்தில் பெறுவது ஒரு வழி. அறை கிடைத்ததும் மாறிக்கொள்வது இன்னொரு வழி. அப்போது ஒவ்வொரு அறையிலும் இருந்த நாட்கள் பில்லில் தனித்தனியே காட்டப்பட வேண்டும்.

காப்பீட்டில் வராத பொருட்கள்

'நான்-பேயபிள்' என்று கழிக்கப்படுபவை எவை?

மருத்துவமனை பில்லில் வரும் சிறு பொருட்கள், சேவைகள் குறித்து ஐஆர்டிஏஐ நான்கு பட்டியல்கள் வெளியிட்டுள்ளது. முதல் பட்டியலில் 68 இனங்கள். பாலிசியில் தனியாகச் சேர்க்கப்பட்டிருந்தால் மட்டுமே இவற்றுக்குப் பணம் கிடைக்கும். கையுறை, முகக்கவசம், டயபர், மினரல் வாட்டர், துணி துவைக்கும் கட்டணம், தொலைபேசிக் கட்டணம், உடனிருப்பவருக்கான செலவு, ஜெராக்ஸ், மருத்துவச் சான்றிதழ் கட்டணம் ஆகியவை இதில் அடங்கும்.

கையுறை இல்லாமல் ஆபரேஷன் செய்ய முடியுமா? அதற்கு ஏன் பணம் இல்லை?

மருத்துவத் தேவை உண்டா என்பதன்படி இந்தப் பட்டியல் அமையவில்லை. பாலிசியின் அடிப்படைப் பாதுகாப்பில் சேருமா என்பதன்படி அமைந்தது. பட்டியலில் உள்ள பொருளை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தாலும் இதனால் நிலை மாறாது. கூடுதல் பிரீமியம் பெற்றுக்கொண்டு இந்தப் பொருட்களுக்கும் பணம் தரும் இணைப்புப் பாதுகாப்பைச் சில நிறுவனங்கள் விற்கின்றன. அது பாலிசியில் இருந்தும் கழித்திருந்தால் கழிவு தவறு.

மற்ற மூன்று பட்டியல்கள் எதற்கு?

இரண்டாம் பட்டியலின் 37 இனங்கள் அறை வாடகையிலும், மூன்றாம் பட்டியலின் 23 இனங்கள் அறுவை சிகிச்சைக் கட்டணத்திலும், நான்காம் பட்டியலின் 18 இனங்கள் சிகிச்சைச் செலவிலும் அடங்கியவையாகக் கொள்ளப்பட வேண்டும். ஃபைல் திறக்கும் கட்டணம், டிஸ்சார்ஜ் நடைமுறைக் கட்டணம், ஏசி கட்டணம், நோயாளியின் கையில் கட்டும் அடையாளப் பட்டை ஆகியவை இரண்டாம் பட்டியலில் உள்ளன. பஞ்சு, காஸ் துணி, அறுவைக் கத்தி ஆகியவை மூன்றாவதிலும், பதிவுக் கட்டணம், சிறுநீர்ப் பை ஆகியவை நான்காவதிலும் உள்ளன. மருத்துவமனை இவற்றுக்குத் தனியாக விலை போட்டால் காப்பீட்டு நிறுவனம் அதைக் கழித்துவிடும்.

அப்படியானால் மாதிரி பில்லின் ரூ.6,000-ல் எதைக் கேள்வி கேட்கலாம்?

அந்தத் தொகையில் கையுறை, முகக்கவசம் போன்றவை ரூ.3,100, உடனிருந்தவரின் உணவு ரூ.1,200, பதிவு, ஃபைல், டிஸ்சார்ஜ் நடைமுறைக் கட்டணங்கள் ரூ.1,700 என்று கொள்ளலாம். முதலிரண்டும் முதல் பட்டியலில் சேர்பவை. பாலிசியில் தனிப் பாதுகாப்பு இல்லாவிட்டால் நோயாளியே செலுத்த வேண்டும். கடைசி ரூ.1,700 குறித்து, ஏற்கெனவே அறை வாடகையிலும் சிகிச்சைச் செலவிலும் அடங்கியதற்கு ஏன் தனிக் கட்டணம் என்று மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் கேட்கலாம். காப்பீட்டு நிறுவனத்திடம் இதை முறையிட்டுப் பயனில்லை.

'கிட் ரூ.2,400' என்று மட்டும் பில்லில் இருந்தால்?

உள்ளே என்ன இருந்தது என்ற விவரம் இல்லாத 'கிட்' முதல் பட்டியலிலேயே இடம்பெற்றுள்ளது. எனவே முழுத்தொகையும் கழியும். அதில் ஏற்கத்தக்க பொருட்கள் இருந்திருந்தால், ஒவ்வொன்றின் பெயரும் விலையும் கொண்ட பில்லை மருத்துவமனையிடம் பெற்று மறுபரிசீலனைக்கு அனுப்பலாம்.

கோ-பே

கோ-பே என்பது என்ன? எல்லோருக்கும் உண்டா?

ஏற்கத்தக்க தொகையில் குறிப்பிட்ட சதவீதத்தைப் பாலிசிதாரரே ஏற்பதாகச் செய்யும் ஒப்பந்தம் இது. ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் எல்லா வயதினருக்கும் 5 சதவீதம். வேறு பல பாலிசிகளில் 60 வயதுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு மட்டும் உண்டு. பாலிசியில் கோ-பே குறிப்பிடப்படவில்லை என்றால் அதைக் கழிக்க இயலாது.

20 சதவீதத்தை எந்தத் தொகையில் கணக்கிட வேண்டும்?

பிற கழிவுகள் எல்லாம் போன பிறகு மிஞ்சும் ஏற்கத்தக்க தொகையில் கணக்கிடுவதே வழக்கமான பாலிசி வாசகம். மாதிரியில் ரூ.1,20,000-ல் ரூ.38,000 போக மிஞ்சுவது ரூ.82,000, அதில் 20 சதவீதம் ரூ.16,400. மொத்த பில்லின் மேல் போட்டால் ரூ.24,000 ஆகும், நோயாளி ரூ.7,600 கூடுதலாக இழப்பார். கடிதத்தில் கோ-பே தொகையை ஐந்தால் பெருக்கி, வருவது எந்தத் தொகை என்று பார்த்தால் இது தெரிந்துவிடும்.

போடியில் எடுத்த பாலிசிக்கு சென்னை, கொச்சியில் சிகிச்சை பெற்றால் கோ-பே கூடுமா?

சில பாலிசிகளில் கூடும். ஊர்களை மண்டலங்களாகப் பிரித்து, சிறு நகரங்களில் வசிப்பவர்களிடம் குறைந்த பிரீமியம் வாங்கும் பாலிசிகள் உள்ளன. அவர்கள் பெருநகரத்தில் சிகிச்சை பெறும்போது தனி கோ-பே விதிக்கப்படலாம். வயதுக்கான கோ-பேயும் மண்டலத்துக்கான கோ-பேயும் சேர்ந்து வருமா என்பதைத் தகவல் தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிடக்டிபிள் என்பதும் கோ-பேயும் ஒன்றா?

இல்லை. கோ-பே சதவீதம், டிடக்டிபிள் நிலையான தொகை. அந்தத் தொகை வரையிலான செலவு பாலிசிதாரருடையது, அதற்கு மேற்பட்டதற்கே காப்பீடு பொறுப்பேற்கும்.

ஒப்புதல் தொகையும் வந்த தொகையும்

ஒப்புதல் ரூ.65,600. மருத்துவமனைக்குச் சென்றது ரூ.59,040 மட்டுமே என்கிறார்கள். மீதியை நோயாளி கட்ட வேண்டுமா?

வேண்டியதில்லை. மருத்துவமனைக்குச் செலுத்தும் பணத்தில் 10 சதவீதம் வருமான வரியாகப் பிடிக்கப்படுகிறது, ரூ.65,600-ல் அது ரூ.6,560. அந்த வரி மருத்துவமனையின் கணக்கில் சேர்வதால் நோயாளியிடம் வசூலிக்க இடமில்லை. பாலிசிதாரர் தாமே செலவழித்துத் திரும்பப் பெறும் தொகையில் இந்தப் பிடித்தம் கிடையாது.

'தள்ளுபடி' என்ற வரியில் உள்ள தொகையை யார் ஏற்பது?

காப்பீட்டு நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தப்படி மருத்துவமனை விட்டுக்கொடுக்கும் தொகை அது. அதை நோயாளியிடம் வசூலிக்கக் கூடாது. 'நோயாளி செலுத்த வேண்டிய தொகை' என்ற வரியில் தள்ளுபடியும் சேர்ந்திருக்கிறதா என்பதை, மற்ற கழிவுகளைக் கூட்டிப் பார்த்து உறுதி செய்யலாம்.

சேரும்போது ரூ.30,000 முன்பணம் கட்டியிருந்தால்?

நோயாளியின் பங்கு ரூ.54,400, முன்பணம் போக டிஸ்சார்ஜ் நாளில் கட்ட வேண்டியது ரூ.24,400. முன்பணம் காப்பீட்டு நிறுவனத்தின் கடிதத்தில் இடம்பெறாது, மருத்துவமனை ரசீதில் மட்டுமே இருக்கும். எனவே இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

மகனின் நிறுவனக் காப்பீட்டில் பெற்றோர் பெயரும் உள்ளது. மீதியை அங்கு கோரலாமா?

கோரலாம். முதல் நிறுவனத்தின் செட்டில்மென்ட் கடிதம், கழிவுப் பட்டியல், சான்றளித்த பில் நகல்கள் ஆகியவற்றை இரண்டாவது பாலிசிக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பாலிசியின் அறை வரம்பும் கோ-பேயும் தனியாகக் கணக்கிடப்படும் என்பதால், முதலில் கழிந்த வாடகை, மருத்துவர் கட்டணம், கோ-பே ஆகியவற்றில் ஒரு பகுதியோ முழுவதுமோ கிடைக்கக்கூடும். கையுறை, உணவு போன்றவை பெரும்பாலும் அங்கும் கிடைப்பதில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்தக் கழிவுகள் உண்டா?

இல்லை. ஆண்டு வருமானம் ரூ.1.20 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கான இத்திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தொகுப்புக் கட்டணம் நிர்ணயிக்கப்பட்டுள்ளது. திட்டத்தில் அடங்கிய சிகிச்சைக்கு நோயாளியிடம் தனியாகப் பணம் வாங்கக் கூடாது. கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யலாம்.

முறையீடு

கழிவு தவறு என்று தெரிந்தால் முதலில் யாரிடம் முறையிடுவது?

காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும். டிபிஏ-வுக்கு மட்டும் அனுப்பினால் போதாது. கழிந்த வரி, தொகை, அது ஏன் தவறு என்பதை ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டு, பில், கழிவுப் பட்டியல், மருத்துவமனையின் கட்டணக் கடிதம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். நிறுவனம் இரண்டு வாரத்துக்குள் தீர்வு தர வேண்டும். ஐஆர்டிஏஐ-யின் 'பீமா பரோசா' இணையதளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம்.

அங்கும் தீராவிட்டால்?

நிறுவனம் மறுத்தாலோ, அதன் பதில் திருப்தி தராவிட்டாலோ, ஒரு மாதம் வரை பதிலே வராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். ரூ.50 லட்சம் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அதே விவகாரம் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ நிலுவையில் இருந்தால் அவர் ஏற்கமாட்டார்.

வீடு போடியில், தோட்டம் பூப்பாறையில், பாலிசி எடுத்தது இடுக்கி மாவட்டக் கிளையில். எந்த ஊர் குறைதீர்ப்பாளர்?

புகார்தாரரின் இருப்பிடம் அல்லது நிறுவனத்தின் கிளை, இரண்டில் எது எந்த எல்லைக்குள் வருகிறதோ அந்த அலுவலகத்தை அணுகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையிலும், கேரளத்துக்குக் கொச்சியிலும் உள்ளது. எனவே இத்தகைய பாலிசிதாரருக்கு இரண்டும் திறந்திருக்கின்றன. ஆனால் ஒரே புகாரை இரண்டு இடத்திலும் கொடுக்க இயலாது.

கடைசி நாள் எது?

நிறுவனம் முறையீட்டை மறுத்த நாளிலிருந்தோ, திருப்தியற்ற பதில் கிடைத்த நாளிலிருந்தோ ஓராண்டுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மனு சேர வேண்டும். பதிலே வராத நிலையில், முறையீடு அனுப்பி ஒரு மாதம் முடிந்த பிறகு ஓராண்டு கணக்கிடப்படும். நிறுவனத்துக்கு எழுத்து மூலம் முறையிடாமல் தொலைபேசியில் மட்டும் பேசியிருந்தால் மனு ஏற்கப்படாது; அதனால் முதல் முறையீட்டை அனுப்பியதற்கான மின்னஞ்சல் நகல் அல்லது பதிவுத் தபால் ரசீது அவசியம்.